ஓடிபி சரி, பணமும் இருக்கிறது, பிறகு கார்டை மறுப்பது யார்?

கேள்வி: "டெபிட் கார்டில் வேண்டிய அளவுக்கு மேலேயே பணம் இருக்கிறது. ஒரு மென்பொருளுக்கு ஆன்லைனில் சந்தா கட்டப் போனேன். ஓடிபி வந்தது, சரியாகத்தான் போட்டேன். ஆனாலும் 'Payment declined' என்று வந்துவிட்டது. மூன்று தடவை முயன்றும் அதேதான். மென்பொருள்காரர்கள் வங்கியைக் கேளுங்கள் என்கிறார்கள். வங்கியில் கேட்டால் எங்கள் பக்கம் எந்தப் பிரச்சினையும் இல்லை என்கிறார்கள். யார் சொல்வது உண்மை?"

இரண்டு தரப்புமே தங்களுக்குத் தெரிந்ததைத்தான் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் மறுத்தது பெரும்பாலும் உங்கள் வங்கிதான். கார்டு வழங்கும் வங்கி ஒன்றில், மறுக்கப்பட்ட பரிவர்த்தனைகளைப் பார்க்கும் பிரிவில் பல வருடம் வேலை செய்தவன் நான். உங்கள் கேள்வியில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒரே ஒரு விஷயம்: ஓடிபி ஏற்கப்பட்ட பிறகு மறுப்பு வந்திருக்கிறது. மறுப்பு எந்த இடத்தில் நடந்தது என்பதை இதை வைத்தே பாதிக்கு மேல் கண்டுபிடித்துவிடலாம்.

ஆன்லைனில் கார்டு கொடுக்கும்போது உங்கள் வங்கியிடம் இரண்டு கேள்விகள் தனித்தனியாகப் போகின்றன. முதல் கேள்வி, "இந்தக் கார்டை வைத்திருப்பவர் உண்மையிலேயே உங்கள் வாடிக்கையாளர்தானா?" இதற்குப் பதில் சொல்லத்தான் ஓடிபி. இந்த ஏற்பாட்டுக்கு 3டி செக்யூர் என்று பெயர். இரண்டாவது கேள்வி, "இவருடைய கார்டில் இந்தத் தொகையை, இந்தக் கடைக்கு, இப்போது விடலாமா?" இதை ஆதரைசேஷன் என்பார்கள். இந்த இரண்டையும் ஒரே கம்ப்யூட்டர் பார்ப்பதில்லை. ஓடிபி அனுப்பும் வேலையைப் பல வங்கிகள் வெளி நிறுவனம் ஒன்றிடம் கொடுத்திருக்கும். அந்த நிறுவனத்தின் சர்வருக்கு உங்கள் கார்டு எண்ணும் கைபேசி எண்ணும் தெரியும். கார்டில் நீங்கள் எதைத் திறந்து, எதை மூடி வைத்திருக்கிறீர்கள் என்பது பல நேரம் தெரியாது. அதனால்தான் போகவே முடியாத பரிவர்த்தனைக்கும் ஓடிபி ஒழுங்காக வந்து சேர்கிறது. ஓடிபி சரியாகிவிட்டது என்றால் நீங்கள் நீங்கள்தான் என்று நிரூபணமாகிவிட்டது, அவ்வளவே. பணம் போக அனுமதி கிடைத்துவிட்டது என்று அர்த்தமில்லை.

இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லும்போது வங்கியின் சிஸ்டம் கணக்கில் பணம் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பதில்லை. கார்டு முடக்கப்பட்டிருக்கிறதா, காலாவதித் தேதி பொருந்துகிறதா, ஆன்லைன் பயன்பாடு திறந்திருக்கிறதா, வெளிநாட்டுப் பயன்பாடு திறந்திருக்கிறதா, அன்றைய வரம்பு தாண்டுகிறதா, இந்த வகைக் கடைக்குப் பணம் விடலாமா, மோசடிச் சந்தேகம் ஏதும் உண்டா என்று வரிசையாகப் பார்க்கும். ஏதாவது ஒன்றில் இல்லை என்று வந்தாலே போதும், மொத்தமும் மறுப்புதான். கணக்கில் பத்து மடங்கு பணம் இருந்தாலும் அது மற்றவற்றை ஈடுகட்டாது.

உங்கள் விஷயத்தில் நான் முதலில் சந்தேகப்படுவது வெளிநாட்டுப் பயன்பாட்டு அமைப்பைத்தான். "விலையை என் நாட்டுப் பணத்தில்தானே காட்டினார்கள், அது எப்படி வெளிநாடு ஆகும்?" என்று கேட்கத் தோன்றும். இந்த ஒரு குழப்பத்தால் தடுமாறியவர்களை நான் அதிகமாகப் பார்த்திருக்கிறேன். ஒரு பரிவர்த்தனை உள்நாடா வெளிநாடா என்பதை முடிவு செய்வது திரையில் தெரியும் கரன்சி இல்லை. வணிகர் எந்த நாட்டில் இருக்கிறார், அவருக்காகப் பணத்தை வாங்கிக் கொடுக்கும் வங்கி எந்த நாட்டில் இருக்கிறது என்பதுதான் கணக்கு. உங்கள் வங்கிக்கு வரும் கோரிக்கையிலேயே அந்த நாட்டுக்கான குறியீடு தனியாக ஒரு புலத்தில் இருக்கும். கார்டு வழங்கிய நாடும் அதுவும் வேறு வேறு என்றால் அது வெளிநாட்டுப் பரிவர்த்தனை. தளம் தமிழில் இருக்கலாம், விலை உங்கள் பணத்தில் இருக்கலாம், வாடிக்கையாளர் சேவை எண்கூட உங்கள் ஊர் எண்ணாக இருக்கலாம். எதுவும் அந்தக் குறியீட்டை மாற்றாது. மென்பொருள் சந்தாக்களில் இது மிகச் சாதாரணம். பல நிறுவனங்கள் உலகம் முழுவதற்கும் ஒரே நாட்டில் கணக்கு வைத்துக்கொண்டு, காட்டும் விலையை மட்டும் அந்தந்தக் கரன்சிக்கு மாற்றிக்கொள்கின்றன.

புதுக் கார்டுகளில் இந்த அமைப்பு மூடியே வருவது பல இடங்களில் வழக்கம். இந்தியாவில் அது விதியாகவே இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் அறிவித்து, அதே ஆண்டு அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த உத்தரவின்படி, புதிதாகத் தரும் கார்டு உள்நாட்டு ஏடிஎம்மிலும் கடைகளில் இருக்கும் ஸ்வைப் மெஷினிலும் மட்டும்தான் முதலில் வேலை செய்யும். ஆன்லைன், வெளிநாடு இரண்டையும் கார்டுக்காரரே திறந்துகொள்ள வேண்டும். அதுவரை ஆன்லைனிலோ வெளிநாட்டிலோ ஒருமுறைகூடப் பயன்படுத்தாத பழைய கார்டுகளுக்கும் அந்த வசதியை மூடிவிடச் சொன்னார்கள். ஆகவே, கார்டை வாங்கி வருடக்கணக்காகிறது, ஒருநாளும் இப்படி ஆனதில்லை என்பது இதில் நமக்கு உதவாது. முதல் முறையாக வெளிநாட்டுத் தளம் ஒன்றுக்குப் போகும்போதுதான் மூடியிருப்பதே தெரியவரும்.

வங்கியின் ஆப்பில் கார்டுக்கான பகுதியைத் திறந்து பாருங்கள். ஆன்லைன் என்று ஒரு பொத்தானும் வெளிநாடு என்று இன்னொன்றும் தனித்தனியாக இருக்கும். இரண்டையும் திறந்துவிட்டேன் என்று சொன்னவர்களுக்கும் அடுத்த முயற்சி மறுக்கப்பட்டதுண்டு. சில ஆப்களில் வெளிநாடு என்பதற்குள்ளே போனால் அங்கே ஏடிஎம், கடை, ஆன்லைன் என்று மறுபடியும் மூன்று பொத்தான்கள் இருக்கும். வெளியே இருக்கும் ஆன்லைன் பொத்தான் உள்நாட்டுக்கு மட்டும். உள்ளே இருப்பதையும் திறந்தால்தான் உங்கள் சந்தா போகும். அதற்குப் பக்கத்திலேயே வரம்பு என்று ஒரு எண் இருக்கும். பொத்தான் திறந்திருந்தும் அந்த எண் பூஜ்யமாகவோ மிகக் குறைவாகவோ இருந்தால் பயனில்லை. அந்த வரம்போடு ஒப்பிடுவது உங்கள் பணத்துக்கு மாற்றப்பட்ட தொகையை. கரன்சி மாற்றினால் தொகை கொஞ்சம் ஏறும், ஆகவே விலைக்குச் சரியாக வரம்பை வைக்காதீர்கள், சற்று இடம் விட்டு வையுங்கள்.

சந்தா கட்டுபவர்கள் இங்கேயே இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். பணம் போனதும் பாதுகாப்புக்காக வெளிநாட்டுப் பொத்தானை மூடிவிடுவது நல்ல பழக்கம்தான், நானும் அப்படித்தான் செய்கிறேன். ஆனால் அடுத்த மாதச் சந்தாவை அந்த நிறுவனம் நீங்கள் திரை முன்னால் இல்லாதபோதே எடுக்க முயலும். பொத்தான் மூடியிருந்தால் அது மறுக்கப்படும், சேவையும் நின்றுபோகலாம். புதுப்பிக்கும் தேதி தெரிந்தால் அதற்கு முந்தைய நாள் திறந்து வையுங்கள். இல்லாவிட்டால் திறந்தே வைத்து, வரம்பைச் சந்தா அளவுக்குச் சற்று மேலே மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓடிபி உங்களுக்கு வந்துவிட்டது, அதனால் அதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இதே கேள்வியோடு இங்கே வருபவர்களில் சிலருக்கு அது வந்தே இருக்காது. அவர்கள் நிற்கும் இடம் முதல் கேள்வியிலேயே. ஆதரைசேஷன் வரைக்கும் கோரிக்கை போகவே இல்லை, வங்கி அவர்களுடைய இருப்பைப் பார்த்திருக்கவும் வாய்ப்பில்லை. வங்கியில் பழைய கைபேசி எண் இருப்பது ஒரு காரணம். அதைவிட அடிக்கடி நடப்பது, ஓடிபி வரத் தாமதமாகிறது என்று மீண்டும் அனுப்பச் சொல்வது. இரண்டாவது கோரிக்கை போனதும் முதல் எண் செல்லாமல் போய்விடும். பிறகு தாமதமாக வந்து சேரும் முதல் எண்ணை அவசரத்தில் போட்டுவிட்டு, தவறு என்று வந்ததும் திகைப்பார்கள். கைபேசியிலேயே பணம் கட்டும்போது குறுஞ்செய்தியைப் பார்க்க வெளியே போய்த் திரும்பினால் சில நேரம் பக்கம் புதிதாக ஏற்றிக்கொண்டு, பாதியில் இருந்த முயற்சி அறுந்துவிடும். மேலே விழும் அறிவிப்பிலேயே எண்ணைப் படித்துப் போட்டுவிடுவது நல்லது. போடும் முன் அந்தச் செய்தியில் கடையின் பெயரும் தொகையும் இருந்தால் படித்துப் பாருங்கள். நீங்கள் கட்ட நினைத்த தொகை அங்கே இல்லை என்றால் எண்ணைப் போடாதீர்கள். அந்த எண்ணைத் தொலைபேசியில் கேட்பவர் வங்கியின் பெயரைச் சொன்னாலும் கொடுக்காதீர்கள்.

சில வெளிநாட்டுத் தளங்கள் ஓடிபியே கேட்காது. 3டி செக்யூர் என்ற படியை வணிகர் வைத்தால்தான் வரும், உலகம் முழுவதும் எல்லோரும் அதை வைப்பதில்லை. ஓடிபி இல்லாமல் வரும் கோரிக்கையை ஏற்பதா வேண்டாமா என்பது உங்கள் வங்கியின் முடிவு. சில வங்கிகள் ஏற்கும், சில மறுக்கும். இப்படி மறுக்கப்பட்டால் கார்டில் நீங்கள் சரிசெய்ய எதுவும் இல்லை.

வெளிநாட்டுப் பொத்தான், உள்ளே இருக்கும் ஆன்லைன் பொத்தான், வரம்பு மூன்றும் சரியாக இருந்தும் மறுபடி மறுக்கப்பட்டால் அடுத்துப் பார்க்க வேண்டியது கடையின் வகை. கார்டில் பணம் வாங்கும் ஒவ்வொரு வணிகருக்கும் அவருடைய தொழில் வகையைக் காட்டும் நான்கு இலக்க எண் ஒன்று உண்டு. எம்சிசி என்பார்கள். மளிகை, சூப்பர் மார்க்கெட்டுக்கு 5411, புத்தகக் கடைக்கு 5942, சூதாட்டம் பந்தயத்துக்கு 7995, வாலட் போன்றவற்றில் பணம் ஏற்றுவதற்கு 6540, கிரிப்டோ போன்றவை வாங்க 6051. நீங்கள் என்ன வாங்கினீர்கள் என்பது வங்கிக்குத் தெரியாது. கடை எந்த வகை என்பதை இந்த நான்கு இலக்கத்தை வைத்துத்தான் அது பார்க்கும். சட்டத்துக்காகவோ, கடன் ஆபத்துக்காகவோ, மோசடி அதிகம் என்பதற்காகவோ சில எண்களை வங்கிகள் மொத்தமாக அடைத்து வைப்பதுண்டு. அந்த அடைப்பு எதுவும் உங்கள் ஆப்பில் பொத்தானாகத் தெரியாது.

என்னிடம் வந்த ஒரு புகாரைச் சொல்கிறேன். சதுரங்கம் கற்றுக்கொடுக்கும் வெளிநாட்டுத் தளத்துக்கு ஒரு தந்தை தன் மகளுக்காக வருடச் சந்தா கட்ட முயன்றிருக்கிறார். உங்களைப் போலவே ஓடிபி சரி, மறுப்பு மூன்று தடவை. கணக்கில் சந்தாவைப் போல நான்கு மடங்கு பணம் இருந்தது. வெளிநாட்டுப் பயன்பாடு மூடியிருக்கும் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். பார்த்தால் அது திறந்திருந்தது. அதே நாளில் அதே கார்டில் வேறொரு வெளிநாட்டுத் தளத்தில் அவர் கட்டிய தொகை போயிருந்தது. அந்த ஒரு தகவல், வெளிநாட்டு அமைப்பையும் வரம்பையும் கார்டின் நிலையையும் ஒரே அடியில் சந்தேகப் பட்டியலில் இருந்து எடுத்துவிட்டது. மீதி இருந்தது கடை மட்டும்.

மறுப்புப் பதிவைத் திறந்தேன். மூன்று முயற்சிக்கும் பதில் குறியீடு 57. கார்டுக்காரருக்கு இந்தப் பரிவர்த்தனை அனுமதியில்லை என்று அதற்குப் பொருள். எங்கள் சிஸ்டம் வெளிநாட்டுப் பொத்தான் மூடியிருந்தாலும் 57 தான் சொல்லும், கடை வகை அடைப்பு என்றாலும் 57 தான் சொல்லும். குறியீட்டை வைத்துப் பிரிக்க முடியாது. பக்கத்திலிருந்த எம்சிசி புலத்தைப் பார்த்ததும்தான் புரிந்தது. அங்கே 7995 என்று இருந்தது. குழந்தைகளுக்குச் சதுரங்கம் சொல்லித்தரும் தளம் சூதாட்ட வகையில்! விசாரித்ததில், அதே நிறுவனம் பணம் கட்டி விளையாடும் பரிசுப் போட்டிகளையும் நடத்துகிறது என்றும், இரண்டுக்கும் ஒரே வணிகக் கணக்கைப் பயன்படுத்துகிறது என்றும் தெரிந்தது. எங்கள் வங்கி 7995ஐ முழுவதுமாக அடைத்து வைத்திருந்தது.

அந்தத் தந்தை என்னிடம் கேட்டது, "தப்பு என்று தெரிந்துவிட்டதே, நீங்களே அந்த எண்ணை மாற்றிவிடக் கூடாதா?" முடியாது. எம்சிசியைத் தருவது வணிகருடைய வங்கி. கார்டு வழங்கிய வங்கி அதைப் படிக்க மட்டும்தான் முடியும். ஒருவருக்காக அடைப்பைத் தற்காலிகமாக நீக்கும் அதிகாரமும் எங்கள் பிரிவுக்கு இல்லை. நான் சொன்னது இரண்டு வழி. கற்பிக்கும் பகுதிக்குத் தனிக் கணக்கும் சரியான எம்சிசியும் வாங்கும்படி தளத்துக்கு எழுதச் சொன்னேன். அதற்குள் சந்தா வேண்டும் என்றால், கார்டு அல்லாத வேறு வழி தளத்தில் இருக்கிறதா பார்க்கச் சொன்னேன். அவர் இரண்டாவது வழியில் கட்டினார். ஆனால் அவர் அதுவரை வீணாக்கிய நேரத்தை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தம்தான். மூன்று முறை எங்கள் கால் சென்டரை அழைத்திருக்கிறார். மூன்று முறையும் "உங்கள் கணக்கு நன்றாக இருக்கிறது" என்ற பதில்தான் கிடைத்திருக்கிறது.

அந்தப் பதில் வருவதற்குக் காரணம் இருக்கிறது, உங்களுக்கும் அதுவே நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். தொலைபேசியை எடுப்பவருடைய திரையில் பல நேரம் கணக்கு விவரம்தான் இருக்கும்: இருப்பு, வரவு, செலவு, கார்டின் நிலை. மறுக்கப்பட்ட கோரிக்கை கணக்கில் எந்த வரியையும் ஏற்படுத்தாது. ஆகவே அவர் பார்க்கிற இடத்தில் உண்மையிலேயே எந்தப் பிரச்சினையும் இல்லை. அது இருப்பது ஆதரைசேஷன் பதிவில். நீங்கள் கேட்கும் விதத்தை மாற்றிக்கொண்டால் அந்தப் பதிவைப் பார்க்கக்கூடியவரிடம் அழைப்பு போகும். "என் பணம் ஏன் போகவில்லை" என்று கேட்காதீர்கள். "இன்ன தேதி, இன்ன நேரத்தில், இன்ன தொகைக்கு ஒரு ஆன்லைன் ஆதரைசேஷன் மறுக்கப்பட்டிருக்கிறது. மறுப்புப் பதிவில் இருக்கும் பதில் குறியீடு, எம்சிசி, வணிகரின் நாடு மூன்றையும் பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். அப்படி ஒரு கோரிக்கையே வரவில்லை என்று சொன்னால், அதுவும் பயனுள்ள பதில்தான். தடை பெரும்பாலும் வணிகர் பக்கத்திலோ, அவருக்காகக் கார்டு கோரிக்கையை அனுப்பும் பேமென்ட் கேட்வேயிலோ இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

குறியீடு கிடைத்தால் அதை எந்த அளவுக்கு நம்பலாம்? 51 என்றால் இருப்பு போதவில்லை, 54 என்றால் காலாவதித் தேதி, 61 என்றால் தொகை வரம்பு, 91 என்றால் வங்கியின் சிஸ்டம் அப்போது பதில் சொல்லும் நிலையில் இல்லை. இவற்றை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். 57, 62 இரண்டும் ஏதோ ஒரு தடை இருக்கிறது என்று சொல்லும், எந்தத் தடை என்று சொல்லாது. 05 வந்தால்தான் சிரமம். திரையில் "Do not honor" என்று காட்டுவது இதைத்தான். காரணத்தை வெளியே சொல்ல வங்கி விரும்பவில்லை என்பதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. மோசடிக் கண்காணிப்பில் சிக்கியவை பெரும்பாலும் இந்தக் குறியீட்டில்தான் போகும், ஆனால் 05 எல்லாமே மோசடிச் சந்தேகம் என்று சொல்லவும் முடியாது. சில வங்கிகள் காரணம் எதுவானாலும் 05 என்றே பதில் தரும்.

அடுத்தடுத்து மூன்று தடவை முயன்றதாக எழுதியிருக்கிறீர்கள். அமைப்பு எதையும் மாற்றாமல் நான்காவது முறை போகாதீர்கள். அதே தொகை, அதே கடை, சில நிமிடங்களுக்குள் பல முயற்சி என்பது திருடிய கார்டைச் சோதிப்பவர்கள் செய்வதைப் போலவே கண்காணிப்பு சிஸ்டத்துக்குத் தெரியும். முதலில் பொத்தான் மூடியிருந்ததால் மட்டும் மறுக்கப்பட்டிருக்கும், பிறகு அதைத் திறந்த பின்னும் சந்தேகத்தின் பேரில் மறுப்பு தொடரலாம். அப்படி ஆகியிருந்தால் வங்கி கார்டைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்திருக்கிறதா என்று அதே அழைப்பில் கேட்டு, நீங்கள்தான் முயன்றீர்கள் என்று உறுதி சொல்லி விடுவித்துக்கொள்ளுங்கள்.

கணக்கில் அந்தத் தொகை குறைந்து தெரிகிறதா என்றும் ஒருமுறை பாருங்கள். வங்கி மறுத்த முயற்சிக்குப் பணம் பிடிக்கப்படாது. இருப்பு குறைந்திருந்தால், வங்கி அனுமதி கொடுத்துப் பணத்தை ஒதுக்கிவிட்டது, அதற்குப் பிறகு வணிகர் பக்கம் ஏதோ தவறியிருக்கிறது என்று பொருள். அப்போது இதுவரை நான் சொன்னது எதுவும் பொருந்தாது. ஒதுக்கிய பணம் வணிகர் விடுவித்தாலோ, வங்கி வைத்திருக்கும் கெடு முடிந்தாலோ தானாகத் திரும்பும். மறுபடி கட்டுவதற்கு முன் வணிகரிடம் ஆர்டர் பதிவாகியிருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் ஒரே சந்தாவுக்கு இரண்டு முறை பணம் போகும்.

இப்போது உங்களுக்கு நான் சொல்லும் வரிசை இதுதான். ஆப்பில் வெளிநாடு என்பதற்குள் போய் ஆன்லைனைத் திறந்து, வரம்பைப் பார்த்துவிட்டு, ஒரே ஒரு முறை முயலுங்கள். போகவில்லை என்றால், வேறொரு வெளிநாட்டுத் தளத்தில் நீங்கள் எப்படியும் வாங்க வேண்டியிருந்த சிறிய தொகை ஏதாவது இருந்தால் அதைக் கட்டிப் பாருங்கள். அது போய் இது மட்டும் போகவில்லை என்றால் எம்சிசியைக் கேட்டு வங்கிக்கு அழையுங்கள். வங்கி சொல்லும் குறியீட்டையும் எம்சிசியையும் கீழே கருத்தில் எழுதுங்கள், பார்த்துவிட்டு அடுத்து யாரிடம் போக வேண்டும் என்று சொல்கிறேன். கார்டு எண்ணையோ காலாவதித் தேதியையோ மட்டும் எழுதிவிடாதீர்கள்.